ஒரே ஒரு போட்டோவிலிருந்து கேரக்டர் ஷீட்: ஓலை அளவும் ஐந்து திருப்பமும்

காமிக்ஸ் வரைய ஆரம்பிக்கிற எல்லோருக்கும் மூன்றாவது பக்கத்தில் ஒரு சிக்கல் வரும். முதல் பக்கத்தில் நேராகப் பார்த்த ஆள் மூன்றாவது பக்கத்தில் திரும்பி நிற்கும்போது வேறு யாரோ ஆகியிருப்பார். மூக்கு வளர்ந்திருக்கும், காது இறங்கியிருக்கும், வயது ஐந்து கூடியிருக்கும். இதைத் தடுக்கத்தான் கேரக்டர் ஷீட். ஒரே முகத்தை முன், முக்கால், பக்கம், பின் முக்கால், பின் என்று ஐந்து திருப்பத்தில் ஒரே அளவில் வரைந்து வைத்துக்கொண்டால், அப்புறம் எந்தக் கட்டத்தில் வரைந்தாலும் அதைப் பார்த்து வரையலாம்.

உயிரோடு இருக்கிற ஆளை உட்கார வைத்து ஐந்து பக்கமும் போட்டோ எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள் (அவரிடம் கேட்டுவிட்டு), இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. எனக்கு அந்த வசதி இல்லை. எங்கள் பெரியப்பா லஸ்கராக இருந்தவர், அதாவது வாய்க்கால் தலைப்பில் ஷட்டர் ஏற்றி இறக்குகிற வேலை. மேட்டூர் திறந்து எங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்து சேரும் வரையிலான சில நாட்களை ஒரு காமிக்ஸாக வரைய நினைத்தேன், அதில் அவர்தான் முக்கிய ஆள். அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. வீட்டில் இருந்தது கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம், முகம் கொஞ்சம் திரும்பி, முகவாயைத் தாழ்த்தி. அந்த ஒரு படத்திலிருந்து ஐந்து திருப்பம் எடுத்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

எந்த மாதிரிப் படம் வேண்டும்

பாஸ்போர்ட் சைஸ் படம் நல்லது என்று நினைப்பீர்கள், ஆனால் அதுதான் மோசம். நேராகப் பார்க்கிற முகத்தில் மூக்கு எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்ற விவரமே இருக்காது, பக்கத் தோற்றம் முழுக்க உங்கள் கற்பனைதான். கொஞ்சம் திரும்பிய படத்தில் அகலமும் இருக்கிறது, ஆழமும் இருக்கிறது, இரண்டும் கலந்து கிடக்கும், பிரித்தெடுப்பதுதான் நம் வேலை. முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி வரை திரும்பியது அருமை.

செல்பியைத் தொடவே வேண்டாம். கை நீட்டுகிற தூரத்தில் எடுத்தால் மூக்கு கேமராவுக்கு ரொம்பப் பக்கம், காது தூரம். அதனால் மூக்கு பருத்து, காது பின்னால் ஒளிந்து போகும். பழைய ஸ்டுடியோக்காரர் நாலடி ஐந்தடி தள்ளி நின்று எடுத்தவர், அந்தப் படங்களை நம்பலாம். சில போன்களில் செல்பி இடம் வலம் மாறியும் பதிவாகும். பழைய பிரிண்டுகளிலும் நெகடிவைத் திருப்பிப் போட்டுக் கழுவியது உண்டு. சந்தேகம் இருந்தால் சட்டையைப் பாருங்கள், பை அவருடைய இடது மார்பில் இருக்கிறதா என்று. பெரியப்பா படத்தில் பை சரியான பக்கம்தான் இருந்தது, அதனால் கன்னத்து மச்சம் அவருடைய வலது கன்னம் என்று உறுதியாகத் தெரிந்தது. "அவருடைய வலது" என்றே எழுதி வையுங்கள், வெறும் "வலது" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து யாருடைய வலது என்று நீங்களே குழம்புவீர்கள்.

அளவுகோல்: ஒரு காகிதக் கீற்று

சுவாமிமலையில் மெழுகில் சிலை செய்கிற ஸ்தபதிகள் அளவுக்கு ஸ்கேல் எடுப்பதில்லை. சிலை எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளத்துக்குத் தென்னை ஓலைக் கீற்றை நறுக்கி, அதை மடித்து மடித்து மடிப்புக் கோடுகளிலிருந்தே தலை, மார்பு, இடுப்பு எல்லாம் எடுப்பார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். முகத்தைப் போல ஒன்பது மடங்கு உயரம் வைக்கிற நவதாளக் கணக்கில் முகம் 12 அங்குலம், மொத்த உயரம் 108. இந்த அங்குலம் கடை ஸ்கேலில் இருக்கிற இன்ச் இல்லை, அந்தச் சிலைக்கே உரிய அளவு. சிலை பெரிதானால் அதுவும் பெரிதாகும். முகத்தில் முடி விளிம்பிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கடி, மூக்கடியிலிருந்து முகவாய் என்று மூன்று சம பாகம், ஒவ்வொன்றும் 4.

நமக்கு வேண்டியது இந்த யோசனைதான். சென்டிமீட்டரில் அளந்தால் படத்தைப் பெரிதாக்கும்போதெல்லாம் கணக்குப் போட வேண்டும். முகத்தின் ஒரு பகுதியையே அளவாக வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஒரே ஒரு மாற்றம் செய்தேன். முடி விளிம்பை நான் கணக்கில் எடுப்பதில்லை, ஏனென்றால் சிலைக்கு முடி கொட்டாது, மனிதருக்குக் கொட்டும். பெரியப்பாவுக்கு நெற்றி உச்சி வரைக்கும் ஏறியிருந்தது. அதனால் புருவத்திலிருந்து முகவாயின் அடி வரை ஒரு காகிதக் கீற்றை நறுக்கிக்கொள்ளுங்கள். அதை நடுவில் ஒரு மடிப்பு, மறுபடி ஒரு மடிப்பு, மறுபடி ஒன்று. விரித்தால் எட்டு பாகம். ஒரு பாகத்தை விரல் என்று வைத்துக்கொள்வோம். சிலைக் கணக்குப்படி மூக்கடி சரியாக நடு மடிப்பில், நாலாவது விரலில் விழ வேண்டும். நிஜ முகத்தில் அப்படி விழாது, எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதில்தான் அந்த ஆளின் சாயலே இருக்கிறது. (பச்சை ஓலையிலும் செய்து பார்த்தேன், ஆசைக்கு. மறுநாள் காய்ந்து சுருண்டுவிட்டது. காகிதமே போதும்.)

அளப்பதற்கு முன் தலை ஒரு தோளுக்குச் சாய்ந்திருந்தால் படத்தைச் சுழற்றி நிமிர்த்திவிடுங்கள். மூக்குத் தண்டின் மேல்பகுதி, மேல் உதட்டுப் பள்ளம், முகவாய் மூன்றையும் பார்த்தால் சாய்வு தெரியும்.

உயரம் மாறாது, அகலம் மாறும்

இந்த வேலை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி இடம் வலமாகத் திரும்பினால் அவருடைய புருவத்தின் உயரமோ மூக்கடியின் உயரமோ மாறப் போவதில்லை. அதனால் படத்தில் அளந்த உயரங்களை அப்படியே எல்லாத் தோற்றத்துக்கும் கொண்டுபோகலாம். அகலம் மட்டும் திரும்பத் திரும்பச் சுருங்கும். அதையும் கணக்கில் பிடித்துவிடலாம், அதற்கு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று தெரிய வேண்டும்.

கோணம் கண்டுபிடிக்க நான் செய்தது இது. தாழ்வாரத்தில் ஸ்டூலைப் போட்டு, தரையில் கோலமாவால் 15, 30, 45, 60 டிகிரிக்குக் கோடுகள் போட்டு, தம்பியை உட்கார வைத்து ஒவ்வொரு கோட்டுக்கும் அவனைத் திருப்பி, இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி நின்று ஜூம் செய்து படம் எடுத்தேன். தூரத்துக் கண்ணின் அகலம் பக்கத்துக் கண்ணின் அகலத்தில் எத்தனை பங்கு என்று ஒவ்வொன்றிலும் பார்த்து, பெரியப்பா படத்தோடு ஒத்துப்போகிறது எது என்று தேடினேன். மூக்கை வைத்து ஒப்பிடாதீர்கள், மூக்கு ஆளுக்கு ஆள் மாறும், கண் விளிம்பின் வளைவு அவ்வளவு மாறாது. முப்பது டிகிரிக்குப் பொருந்தியது.

முப்பது டிகிரிக்கு இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். ஜோடியாக இருக்கிற எதையும், அதாவது இரண்டு கடைக்கண்கள், இரண்டு உதட்டு ஓரங்கள், இரண்டு நாசி ஓரங்கள் ஆகியவற்றுக்கு இடையே படத்தில் இருக்கிற தூரத்தை 1.15 ஆல் பெருக்கினால் முன் தோற்றத்தின் அகலம் வரும். பெரியப்பாவுக்குக் கடைக்கண்ணிலிருந்து கடைக்கண் படத்தில் 5 விரல், முன் தோற்றத்தில் 5¾. உதடு 2.8, முன் தோற்றத்தில் 3.2. இப்படியே முன் தோற்றம் முழுக்க வந்துவிடும்.

இரண்டாவது எண் 2, அது ஆழத்துக்கு. இரண்டு கடைக்கண்களுக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்து அதன் வழியாக ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். முகம் தட்டையாக இருந்தால் மூக்கு, உதடு, முகவாய் எல்லாம் அந்தக் கோட்டிலேயே விழுந்திருக்கும். முன்னால் துருத்திக்கொண்டிருப்பதால்தான் திரும்பிய பக்கமாகத் தள்ளி விழுகின்றன. எவ்வளவு தள்ளி விழுகிறதோ அதை இரண்டால் பெருக்கினால், கடைக்கண்ணிலிருந்து அது எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று கிடைக்கும். பெரியப்பாவின் மூக்கு நுனி ஒன்றரை விரல் தள்ளியிருந்தது, ஆகப் பக்கத் தோற்றத்தில் 3 விரல் முன்னால். நெற்றி, மூக்குத் தண்டு, நுனி, மேல் உதடு, கீழ் உதடு, முகவாய் என்று முகத்தின் நடுக்கோட்டில் இருக்கிற ஆறேழு புள்ளிகளுக்கு இதைச் செய்து, அந்தந்த உயரத்தில் குறித்து, புள்ளிகளைச் சேர்த்தால் பக்கத் தோற்றத்தின் கோடு தானாக வந்து நிற்கும். எனக்கு முதல் தடவை வந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது, நாற்பது வருடப் பழைய படத்தில் யாருமே பார்க்காத ஒரு கோணம்.

45 டிகிரி என்றால் இரண்டு எண்ணுமே 1.4. இருபது டிகிரி மட்டும் திரும்பியிருந்தால் ஆழத்தை ஏறத்தாழ 3 ஆல் பெருக்க வேண்டியிருக்கும், அப்போது அளப்பதில் விடுகிற தப்பும் மூன்று மடங்காகும், அதனால் கொஞ்சமாகத் திரும்பிய படத்தை வைத்துக்கொண்டு மூக்கின் நீளத்தைச் சத்தியம் செய்யாதீர்கள்.

நான் கோட்டைவிட்ட இடம்

இதை எல்லாம் செய்து ஐந்து திருப்பமும் வரைந்து பெரியம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது யாருடா, அவருக்கு இவ்வளவு மூக்கு கிடையாதே, தாடையும் இப்படி உள்ளே போகாது" என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. மூக்கடி நாலரையாவது விரலில் விழுந்திருந்தது, முகவாய் அந்தச் செங்குத்துக் கோட்டிலேயே நின்றது, அதாவது கடைக்கண்ணைவிட ஒரு துளிகூட முன்னால் வரவில்லை.

காரணம், தலை குனிந்திருந்தது. ஸ்டுடியோக்காரர் "கொஞ்சம் தாழ்த்துங்க" என்று சொல்லியிருப்பார், எல்லோரிடமும் சொல்வார்கள். தலை குனிந்தால் மூக்கு நுனி இறங்கி மூக்கடியை மறைக்கும், முகவாய் கழுத்துப் பக்கம் உள்ளே போகும். உயரம் மாறாது என்று மேலே சொன்னேனே, அது இடம் வலம் திரும்பலுக்கு மட்டும்தான்.

இது தெரிய ஒரு எளிய அடையாளம் இருக்கிறது, காது. தலை மட்டமாக இருக்கும்போது காதின் மேல்விளிம்பு ஏறக்குறைய புருவத்துக்கு நேராகவும், அடி மூக்கடிக்கு நேராகவும் இருக்கும். காது புருவத்தைவிட மேலே ஏறியிருந்தால் தலை குனிந்திருக்கிறது, இறங்கியிருந்தால் நிமிர்ந்திருக்கிறது. பெரியப்பா படத்தில் காது முழுசாக ஒரு விரல் மேலே இருந்தது. பார்த்த அன்றே கவனித்திருக்க வேண்டும், காது வரைவது எனக்குப் பிடிக்காது என்பதால் கவனிக்கவில்லை.

திருத்துவது எளிது. ஏற்கெனவே வந்த பக்கத் தோற்றத்தை அழிக்க வேண்டாம், அது தப்பு இல்லை, குனிந்த தலையின் பக்கத் தோற்றம், அவ்வளவுதான். முதலில் பின்தலையையும் காதையும் சேர்த்து முழுத் தலையாக்குங்கள். பக்கவாட்டில் நெற்றியிலிருந்து பிடரி வரை 12 விரல், உச்சியிலிருந்து முகவாய் வரை 14 என்பது பெரும்பாலோருக்கு ஒத்துப்போகும். நாம் பின்தலையைத் தட்டையாகவே வரைந்து பழகியிருக்கிறோம், 12 வைத்துப் பார்த்தால் "இவ்வளவா?" என்று இருக்கும், இவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டின் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டால் அதற்குச் சற்றுப் பின்னால் காது. உயரத்தைப் படத்திலிருந்து எடுங்கள். அப்புறம் மொத்தப் படத்தையும் காதை மையமாக வைத்துச் சுழற்றுங்கள், காதின் மேல்விளிம்பும் புருவமும் ஒரே மட்டத்துக்கு வரும் வரை. முகவாய் முன்னால் வரும், மூக்கு நுனி கொஞ்சம் தூக்கும்.

இப்போது புதிய கீற்று ஒன்று நறுக்கி எட்டாக மடித்து, எல்லா உயரத்தையும் இந்த நிமிர்ந்த தலையிலிருந்து மறுபடி அளக்க வேண்டும். மூக்கடி நாலேகாலுக்கு வந்தது, முகவாய் ஒரு விரலுக்குச் சற்று மேலேயே முன்னால் வந்தது. கால் விரல் வித்தியாசம்தான், ஆனால் அந்தக் கால் விரலில்தான் பெரியம்மா வேறு ஆளைப் பார்த்திருக்கிறார். எல்லோருக்கும் காது புருவத்துக்கு நேராக இருக்காது, சிலருக்கு இயல்பிலேயே இறங்கியிருக்கும், அதனால் சுழற்றிய பிறகு அந்த ஆளைத் தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள்.

ஷீட்டில் அடுக்குவது

A4 அளவை அகலவாக்கில், 300 டிபிஐயில் வைத்தால் 3508 × 2480 பிக்சல் வரும், ஐந்து தலைக்குப் போதும். நான் கிரிட்டாவில் வரைகிறேன், இலவசம். மேல் ரூலரிலிருந்து கோடுகளை இழுத்து உச்சி, புருவம், கண், மூக்கடி, உதடு, முகவாய் என்று ஆறு கிடைக்கோடுகளைப் பக்கம் முழுக்க ஓட விடுங்கள். காகிதத்தில் என்றால் ஸ்கேலும் பென்சிலும்.

நிமிர்த்திய பக்கத் தோற்றத்தை முதலில் வையுங்கள், அடுத்தது முன் தோற்றம். முக்கால் தோற்றத்துக்கு மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் போட்டால் சரி, அகலத்தை 0.87 ஆகச் சுருக்கி, ஆழத்தில் பாதியைத் திரும்பிய பக்கமாகத் தள்ளுங்கள். மூலப் படத்தை அப்படியே டிரேஸ் செய்து ஒட்டாதீர்கள், அதில் தலை குனிந்திருக்கிறது. பின் தோற்றம் சுலபம், முன் தோற்றத்தின் வெளிக்கோட்டை இடம் வலமாகத் திருப்பிப் போட்டு உள்ளே முடியை நிரப்பினால் முடிந்தது.

படத்தில் இல்லாதவை சில இருக்கும், பிடரி முடி எங்கே முடிகிறது, தூரத்துக் காது எப்படி, உச்சியில் சுழி எந்தப் பக்கம். இவற்றைக் கணக்கால் எடுக்க முடியாது, ஒரு தடவை முடிவு செய்து ஷீட்டின் ஓரத்தில் எழுதிவிட வேண்டும். பெரியப்பாவுக்குச் சுழி அவருடைய வலப்பக்கம் என்று நானே வைத்தேன். அது உண்மையா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் நாற்பது பக்கத்திலும் வலப்பக்கம்தான்.

மச்சம், சட்டைப் பை, வகிடு மூன்றும் ஒருபக்கமாக இருப்பவை. வலது பக்கம் பார்க்கிற படத்தைத் திருப்பிப் போட்டு இடது பக்கம் பார்ப்பதாக ஓட்டும்போது இந்த மூன்றும் இடம் மாறிவிடும், அனிமேஷனில் இது அடிக்கடி நடக்கும். அதனால் இரண்டு பக்கத் தோற்றத்தையும் தனித்தனியாக வரைந்து வைப்பது நல்லது.

கோடுகளைக் குறைப்பது எல்லாம் இதற்கு அப்புறம்தான். அளவு சரியாக வந்த பிறகு எத்தனை கோட்டை எடுத்தாலும் சாயல் நிற்கும். தலையை இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் வரைந்து பாருங்கள், காமிக்ஸ் கட்டத்தில் பெரும்பாலும் அந்த அளவுதான் கிடைக்கும். எனக்கு அதில் மிஞ்சியது தொங்கின காது மடலும், மீசை உதட்டு ஓரத்தைத் தாண்டி இறங்குகிற இடமும், நடுவில் உடைந்த வலது புருவமும். மச்சம் காணாமல் போனது, போகட்டும், பெரிய கட்டத்தில் மட்டும் வைக்கலாம்.

முகபாவம்

இதில் புதியவர்கள் செய்கிற ஒரே தப்பை மட்டும் சொல்கிறேன். வாயைத் திறக்கும்போது முகவாயை அதே இடத்தில் வைத்துவிட்டு மேல் உதட்டை மூக்குக்குள் தள்ளுவார்கள். மேல் பல் வரிசை மண்டையோடு ஒட்டியது, அசையாது. அசைவது கீழ்த் தாடை மட்டும், அதுவும் காதுக்கு முன்னால் இருக்கிற ஒரு மூட்டிலிருந்து. பெரியப்பா அக்கரைக்குக் கேட்கும்படி "தண்ணி வந்துருச்சு" என்று கத்துகிற கட்டத்தில் புருவத்திலிருந்து முகவாய் எட்டு விரல் இல்லை, பத்து. புருவத்திலிருந்து மூக்கடி அதே நாலேகால்தான். கிடைக்கோட்டில் மூக்கடிக்குக் கீழே இருப்பவை மட்டும் இறங்கலாம். புருவமும் இமையும் தசை, ஏறி இறங்கும். காதும் மூக்குத் தண்டும் எந்தக் கோபத்துக்கும் நகராது.

சோதனை

ஐந்து தோற்றத்தையும் ஐந்து பிரேமாக வைத்து, நடுக்கோட்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தி, நொடிக்கு நாலு பிரேம் வேகத்தில் ஓட விடுங்கள். கிரிட்டாவில் அனிமேஷன் வசதி உள்ளேயே இருக்கிறது, இல்லையென்றால் டிரேசிங் பேப்பரில் எடுத்துக் கட்டை விரலால் புரட்டலாம். தலை மெதுவாகத் திரும்ப வேண்டும். ஏதாவது குதித்தால் அந்த இடத்தில் தப்பு. அப்படியே M விசையை அழுத்திப் பார்வையைக் கண்ணாடிபோலத் திருப்பியும் ஓட்டிப் பாருங்கள், ஒருபக்கமாகச் சாய்ந்த கண் அப்போதுதான் உறுத்தும்.

எனக்கு நாலாவது பிரேமில், பின் முக்காலில், காது அரை விரல் மேலே குதித்தது. முகமே தெரியாத தோற்றம் என்பதால் கிடைக்கோட்டைப் பார்க்காமல் கைபோன போக்கில் வைத்திருக்கிறேன். இறக்கி வைத்து மறுபடி ஓட்டினேன், நின்றது. அப்புறம் போனைக் கொண்டுபோய்ப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். நாலைந்து சுற்று பார்த்துவிட்டு, மீசையை மட்டும் இன்னும் கொஞ்சம் நரைக்கச் சொன்னார்.